‘சுங்கத்தில் நிற்கிறது’ என்று செல்போன் சொன்னால் பெட்டி எங்கே இருக்கிறது?

பார்சல் எண்ணைத் தட்டியதும் திரையில் வரிசையாக விழும் ஆங்கில வரிகளை, பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலாகவே பெரும்பாலோர் படிக்கிறார்கள். அந்த வரிகள் சொல்வது வேறு. ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்கேன். யாரோ ஓர் ஊழியர், ஏதோ ஓர் இடத்தில், பெட்டியின் மேலோ பெட்டி கிடக்கும் பையின் மேலோ ஒட்டிய கோட்டுப்பட்டையில் கருவியைக் காட்டினார் என்பதற்கான பதிவு. அதற்குப் பிறகு பெட்டி நகர்ந்ததா, கிடங்கு மூலையில் சாய்ந்து கிடக்கிறதா என்பது அடுத்த ஸ்கேன் விழும்வரை கணினிக்கும் தெரியாது. ஆகவே வரியைப் படிக்கும்போது அதன் வார்த்தையைவிட நேரத்தையும் இடத்தையும் முதலில் பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

கடை கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். கேரளத்தின் கிழக்கு விளிம்பு. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, இப்படியான வேலைகள். வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேன்பதி, வண்ணாமடை என்று சுற்றிலும் உள்ள ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், அலுவலகக் காகிதம் மலையாளம், பார்சல் திரை ஆங்கிலம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பெட்டி அனுப்பிவிட்டு எண்ணை வாட்ஸப்பில் போடுகிறார்கள். அம்மாக்கள் அந்தச் செல்போனை என் மேசையில் வைக்கிறார்கள்.

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவின் பெட்டியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். கெடக்கூடியதெல்லாம் அதில் ஒன்றுசேர்ந்து கெட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு கைக்கடிகாரம், அம்மாவின் மூட்டுவலிக்கு இரண்டு டப்பா மாத்திரை, இரண்டு சேலை ஆகியவற்றைத் தபாலில் பார்சலாக அனுப்பியிருந்தான். “கண்ணு, கஸ்டம்ஸ்காரன் பிடித்து வைத்திருக்கிறானாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

முதலில் எண்ணைப் பார்த்தேன். உலகத் தபாலில் ஓடும் பார்சல் எண்ணுக்குப் பதின்மூன்று இடங்கள்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. முன்னால் C என்று தொடங்கினால் பார்சல், R என்றால் பதிவுத் தபால், E என்றால் விரைவுத் தபால். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. இந்தப் பெட்டிக்கு SG. ஒன்பதாவது இலக்கம் சும்மா வந்ததில்லை. முன்னால் உள்ள எட்டு இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அதனால்தான் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் வேறு யாருடைய பெட்டியும் திரையில் வராமல், எண்ணே செல்லாது என்று வந்து நிற்கிறது. இப்படி உலகம் முழுக்க ஒரே வடிவ எண் இருப்பதால் சிங்கப்பூர்த் தபாலின் தளத்திலும் இந்தியத் தபாலின் தளத்திலும் இதே எண்ணை அடிக்கலாம். இரண்டையும் அடித்துப் பார்ப்பது நல்லது. ஒன்றில் விடுபட்ட ஸ்கேன் சில சமயம் மற்றதில் இருக்கும்.

அக்காவின் பெட்டி சிங்கப்பூர் அயல்நாட்டுத் தபால் நிலையத்தைவிட்டுப் புறப்பட்டதாக ஒரு வரி. அதற்குப் பிறகு பல நாள் ஒன்றுமே இல்லை. இந்த மௌனம்தான் ஆட்களை அதிகம் பதற வைக்கிறது. ஆனால் எல்லா மௌனத்திலும் இதுவே மிகச் சாதாரணமானது. பெட்டி ஒரு பைக்குள் போகிறது. `Item Bagged` என்பது அதுதான். பைக்கு ஒரு பட்டியல், பைக்கென்று தனியாக ஓர் எண். பை மூடிய பிறகு விமான நிறுவனம் பார்ப்பது பையின் எண்ணை மட்டும். உள்ளே இருக்கும் பெட்டி அவர்களுக்கு இல்லாத பொருள். விமானத்தில் இடம் கிடைக்காமல் பை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் நம் திரையில் ஒன்றும் அசையாது. இந்தியாவில் இறங்கி, பையைத் திறந்து, பெட்டியை வெளியே எடுத்துக் கோட்டுப்பட்டையைக் காட்டும்போதுதான் அடுத்த வரி. உள்நாட்டிலும் இதே முறைதான். பாலக்காட்டில் பை வந்து சேர்ந்தது என்று ஒரு வரி இருந்து, பெட்டி வந்தது என்று இன்னொரு வரி இல்லாவிட்டால், பை இன்னும் திறக்கப்படவில்லை அல்லது திறந்தபோது பெட்டி அதில் இல்லை என்று கொள்ளலாம். முதலாவதுதான் வழக்கம். இரண்டாவதும் நடக்கும்.

அக்காவின் பெட்டி சென்னையில் இறங்கியது. சென்னையில் இருப்பது முழு அயல்நாட்டு அஞ்சலகம். கொச்சியிலும் ஒரு சிறியது உண்டு. எங்கே இறங்கும் என்பதை அனுப்பும் நாட்டுத் தபால்துறை தீர்மானிக்கிறது. சென்னையில் முதலில் விழுந்த வரி, சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்பது. மறுநாள் `Held by Customs`. இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் மகன் பயந்து, அம்மாவுக்கும் பயத்தைக் கடத்தியிருந்தான்.

முதல் வரி வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் விழும். அதில் படிக்க ஒன்றுமில்லை. இரண்டாவதும் பல சமயம் வெறும் காத்திருப்புத்தான். பெட்டி எங்கோ சுங்கக் கிடங்குக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது தபால்துறையின் கட்டடத்திலேயே, தபால்காரர்களின் காவலிலேயே இருக்கிறது. சுங்க அதிகாரிகள் அங்கே வந்து அமர்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள், மேலே ஒட்டிய அறிவிப்புத் தாளைப் படிக்கிறார்கள், சந்தேகம் வந்தால் தபால் ஊழியரைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். முடிவு மூன்றில் ஒன்று: தீர்வை இல்லாமல் விடுவது, தீர்வை போட்டு விடுவது, விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பது. மூன்றுக்கும் முன்னால் திரையில் இருப்பது அதே ஒரு வரி. எந்தத் திசையில் போகிறது என்பதை அது சொல்லாது.

சொல்வது ஒரு காகிதம். விளக்கம் தேவைப்பட்டால் பெறுநரின் முகவரிக்குத் தபாலில் கடிதம் வரும்: இன்ன பொருளுக்கு ரசீது கொடு, இன்ன மருந்துக்கு மருத்துவரின் சீட்டு கொடு, அடையாள அட்டையின் நகல் கொடு என்று. பெட்டியின் உண்மையான நிலை அந்தக் கடிதத்தில் இருக்கிறது. மகன் சிங்கப்பூரில் திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருக்க, கடிதம் இங்கே மின்கட்டண ரசீதுகளோடு கிடக்கும். “அக்கா, ஆங்கிலத்தில் கவர் ஏதாவது வந்ததா?” என்று கேட்டேன். வந்திருந்தது. வங்கிக் கடிதம் என்று நினைத்து டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். என் அனுபவத்தில், இந்த வரி ஒரு வாரம் அசையாமல் நின்றால் கணினியை விட்டுவிட்டு வீட்டில் கவரைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் தபால்காரரைக் கேட்பதும்தான் பலன் தரும்.

கடிதம் மூன்று கேள்வி கேட்டிருந்தது. மூன்றுமே பெட்டியின் மேல் மகன் ஒட்டிய தாளிலிருந்து பிறந்தவை. உலகத் தபாலில் அந்தத் தாளுக்குப் பெயர் CN22, மதிப்புக் கூடினால் பெரிய வடிவமான CN23. உள்ளே என்னென்ன, ஒவ்வொன்றின் விலை என்ன, எதற்காக அனுப்புகிறோம் என்று எழுத வேண்டும். அவன் ஒரே வரியில் ‘கிஃப்ட், பத்து டாலர்’ என்று முடித்திருந்தான். எக்ஸ்ரேயில் கடிகாரமும் மாத்திரைப் பட்டைகளும் தெரிகின்றன, தாளில் பத்து டாலர் என்றால் எந்த அதிகாரியும் நிறுத்தத்தான் செய்வார்.

‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி கிடையாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது. ஐந்தாயிரம் ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது. 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளை அன்பளிப்பு என்று சொல்லி விடுவிக்கக் கோருவதைத் தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு வைத்தது. முழுத் தீர்வையையும் கட்டினால் அன்பளிப்பும் உள்ளே வரலாம். வெளிநாட்டு இணைய வணிகத் தளங்கள் சில சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று எழுதி அனுப்பியதைத் தடுக்க வந்த விதி அது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அம்மாவுக்குக் கடிகாரம் அனுப்பும் மகன்கள். தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் நான் யாருக்கும் மனக்கணக்குப் போட்டுச் சொல்வதில்லை.

கடிகாரத்துக்கு மகன் கடை ரசீதை மின்னஞ்சலில் அனுப்பினான். மாத்திரைக்கு, அக்கா பாலக்காட்டில் பார்க்கும் மருத்துவரிடமே சீட்டு வாங்கினோம். மூன்றாவது கேள்விதான் தலைவலி: அடையாள அட்டை.

இங்கேதான் கன்சைனி வருகிறது. பெட்டி யாருக்கென்று மேலே எழுதியிருக்கிறதோ அந்தப் பெயர்தான் கன்சைனி. காசு கொடுத்தவர், வாங்கச் சொன்னவர், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் கன்சைனி ஆக மாட்டார். சுங்கம் ஆவணம் கேட்பது அந்தப் பெயரிடம். தீர்வைச் சீட்டு அந்தப் பெயரில். கூரியரில் வந்தால் கேஒய்சி என்று கேட்கும் ஆதாரும் பானும் அந்தப் பெயருக்குரியவை. மகன் எழுதியிருந்தது அம்மாவை ஊரே கூப்பிடும் பெயர், பாப்பாத்தி. ஆதாரில் இருப்பது பார்வதி. அதுவும் கேரளத்து ஆதார். மலையாளத்தில் எழுதிய பெயரும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாது. சென்னையில் இருக்கும் அதிகாரிக்குப் பாப்பாத்தியும் பார்வதியும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் எனக்குரியவையே என்று ஒரு கடிதம் எழுதி, முகவரி ஒத்துப்போகும் ஆதார் நகலையும் ரேஷன் அட்டை நகலையும் வைத்து, கடிதத்தில் இருந்த குறிப்பு எண்ணை மேலே எழுதி அனுப்பினோம். நல்ல வேளையாக ஏற்றுக்கொண்டார்கள். பெட்டியின் மேல் ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். கூப்பிடும் பெயரை வாட்ஸப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

தீர்வையை முன்கூட்டி எங்கும் கட்டவில்லை. தபாலில் வரும் பெட்டிக்குச் சுங்கம் தீர்வையைக் கணக்கிட்டுச் சீட்டை இணைத்துவிடும். பெட்டியைக் கொடுக்கும்போது தபால்துறை அந்தத் தொகையையும் சிறு கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும். கூரியர் நிறுவனங்கள் தாங்களே முதலில் கட்டிவிட்டு, அப்படிக் கட்டியதற்கென்று ஒரு கட்டணமும் சேர்த்து நம்மிடம் வசூலிக்கும். இரண்டிலும் தனியார் வங்கிக் கணக்குக்கோ யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்கோ பணம் போடச் சொல்லும் சுங்க அதிகாரி கிடையாது. சுங்கத்தின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். DIN என்று அச்சிட்டிருக்கும். மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் அதை அடித்தால் கடிதம் மெய்யா என்று தெரிந்துவிடும். முகவரி சரியில்லை, இந்த இணைப்பைத் தொடு என்று வரும் குறுஞ்செய்திகளை நான் பார்த்த மாத்திரத்தில் அழித்துக் கொடுத்துவிடுகிறேன்.

விளக்கம் போய்ச் சேர்ந்த பிறகு சென்னையில் சுங்கம் விடுவித்தது, பையில் ஏறியது என்று வரிகள் ஓடின. அதன் பிறகு வந்த ஊரைப் பார்த்ததும் அக்கா எழுந்தே விட்டார். கோயம்புத்தூர். “இங்கே வந்துவிட்டது! பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடட்டுமா?” எங்களுக்குக் கோயம்புத்தூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆஸ்பத்திரிக்கும் துணிக்கும் அங்கேதான் போகிறோம். ஆனால் தபாலுக்கு நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் அல்ல. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஆறு இலக்கப் பின்கோடில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே 6இல் தொடங்குகின்றன. இரண்டாவது இலக்கத்தில் பிரிந்துவிடுகின்றன: 60 முதல் 64 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம். கோயம்புத்தூர் 641, பொள்ளாச்சி 642, எங்கள் பக்கம் 678. பெட்டியைப் பிரிக்கும் இடத்தில் யாரும் வரைபடம் பார்ப்பதில்லை. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்துப் பாலக்காட்டுப் பையில் போடுகிறார்கள். வழியில் நிற்கும் மூடிய பையை நமக்காக யாரும் திறக்கவும் மாட்டார்கள்.

இந்தக் கோட்டின் விளையாட்டு தனியார் கூரியரில் இன்னும் விசித்திரம். கோயம்புத்தூர்க் கடையில் வாங்கிய மோட்டார் உதிரிபாகம் ஒன்று எங்கள் கடைத்தெருவுக்கு வர, தெற்கே கொச்சிக் கிடங்குவரை போய்த் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். 67 என்றால் கொச்சிக் கிடங்கு என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதைத் தவிர்க்கத் தமிழ்நாட்டுப் பின்கோடைப் போடும் புத்திசாலிகள் உண்டு. அப்போது பெட்டி ஊர்ப்பெயரை மதிக்காமல் அந்தப் பின்கோடு காட்டும் அஞ்சலகத்துக்குப் போய், அங்கே முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை என்று வரி விழுந்து, திருப்பியனுப்பும் வரிசையில் நிற்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் தெருப்பெயரும் கதவு எண்ணும் பழக்கத்தில் குறைவு. வீட்டுப் பெயர் அல்லது களத்தின் பெயர், அஞ்சலகத்தின் பெயர், பின்கோடு, செல்போன் எண். இந்த நான்கும் சரியாக இருந்தால் பெட்டி வந்துவிடும்.

வந்தது. பாலக்காடு, பிறகு எங்கள் அஞ்சலகம், பிறகு ஒரு நாள் காலை `Out for Delivery`. அக்கா அன்றைக்குக் காட்டு வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டி வரவில்லை.

இந்த வரியை, பெட்டி நம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதால் வரும் ஏமாற்றம் இது. காலையில் விநியோகத்துக்குப் புறப்படும் ஆளின் பட்டியலில் பெட்டி ஏறிவிட்டது, இன்றைக்கு அது அவர் பொறுப்பு என்பதுதான் அந்த வரி. அந்தப் பட்டியலில் எத்தனை பெட்டிகள், நம் வீடு எத்தனையாவது என்பது அதில் இல்லை. கிராமம் என்றால் இன்னொரு படியும் உண்டு: துணை அஞ்சலகத்திலிருந்து பை கிளை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து கிராமிய அஞ்சல் ஊழியர் சைக்கிளிலோ மொபெட்டிலோ எடுத்து வர வேண்டும். தீர்வைப் பெட்டி என்பதால் பணமும் வாங்க வேண்டும், சீட்டும் கொடுக்க வேண்டும். கிளை அஞ்சலகத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள் என்றேன். மறுநாள் போனார். பெட்டி அங்கேதான் இருந்தது. தீர்வையைக் கட்டி வாங்கி வந்துவிட்டார்.

தனியார் கூரியரில் அந்த வரிக்கு ஒரு மாலை நேர வாலும் உண்டு. காலையில் பட்டியலில் ஏறிய ஒவ்வொரு பெட்டிக்கும் இரவு கணக்கு முடிக்கும்போது ஏதாவது ஒரு பதில் எழுதியாக வேண்டும்: கொடுத்தாயிற்று, இல்லாவிட்டால் ஏன் கொடுக்கவில்லை. நேரமில்லை என்ற காரணத்தை எழுதுவது விநியோகிப்பவருக்கு நல்லதல்ல. அதனால் `Consignee Not Available` என்று விழுந்துவிடும், நாம் நாள் முழுக்க வீட்டில் இருந்தும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க நேரத்தைப் பாருங்கள். வரி பகல் பதினொன்றுக்கு விழுந்து, அதே நேரத்தில் உங்கள் செல்போனில் தவறிய அழைப்பும் இருந்தால் ஆள் வந்திருக்கிறார். இரவு ஏழு, எட்டு மணிக்குப் பல பெட்டிகளுக்கு ஒரே நிமிடத்தில் விழுந்திருந்தால், அது கணக்கு முடித்த நேரம். பெறுநர் வாங்க மறுத்தார் என்ற வரி மட்டும் பொய்யாக விழுந்தால் அன்றிரவே புகார் கொடுத்துவிட வேண்டும். மற்ற காரணங்களுக்கு இன்னும் ஓரிரு முறை முயற்சி செய்வார்கள். மறுப்பு என்றால் பெட்டி அனுப்பியவருக்கே திரும்பும் வழியில் ஏறிவிடும். திரும்பும் வண்டியில் ஏறிய பெட்டியை நிறுத்துவது மிகவும் கடினம்.

பெட்டி உண்மையிலேயே காணாமல் போனால் அம்மாக்கள் பாலக்காட்டு அஞ்சலகத்தில் போய்ச் சத்தம் போடுகிறார்கள். அங்கே உள்ளவர்கள் பரிவோடு கேட்பார்கள், அவர்களால் முடிந்ததைத் தேடுவார்கள். ஆனால் வெளிநாட்டுத் தபாலில் முறையான விசாரணையை அனுப்பியவர் தன் நாட்டுத் தபால்துறையில்தான் தொடங்க வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதம்வரை அதற்கு நேரம் உண்டு. அனுப்பிய ரசீதும், அந்த அறிவிப்புத் தாளின் நகலும் கையில் இருக்க வேண்டும். அக்காவின் மகனிடம் இரண்டும் இல்லை. எண்ணைப் படம் எடுத்து அனுப்பியதும் ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டானாம். அடுத்த பெட்டிக்கு ரசீதையும் தாளையும் சேர்த்தே படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.